கண்ணாடிக் கதவு வழியே காலை வெயில்: ரெண்டரில் மின்மினிப் புள்ளிகளைப் போக்க எந்த வழி?

உள்ளறைப் படம் ரெண்டர் செய்யும் தம்பிமார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, அறை இருட்டாக இருந்தது. கிளாம்ப்பை 0 ஆக்கினேன். இப்போது தரை முழுக்க வெள்ளைப் புள்ளி. சாம்பிளைக் கூட்டினால் புள்ளியும் கூடுது. டீநாய்சர் போட்டால் புள்ளி எல்லாம் திட்டுத் திட்டாக ஆகுது. நான் எதைச் செய்ய?"

திருகோணமலையில் இந்தக் கேள்வி இவ்வளவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதி அறைகள் கடலைப் பார்த்தவை. கடல் கிழக்கே. அறைக்கு முன்னால் தரைமுதல் கூரைவரை கண்ணாடிக் கதவு. காலை ஏழரை மணியளவில் வெயில் தாழ்வாக, நேராக அறைக்குள் விழும். கட்டடக் கலைஞருக்கும் விடுதிக்காரருக்கும் அந்த வெயில்தான் படத்தில் வேண்டும். ஒளிக்கதிர்களைத் தொடர்ந்துபோய் வெளிச்சத்தைக் கணக்கிடும் பாத் டிரேசருக்கோ அதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை.

இங்கே பலரும் பிளெண்டரில் சைக்கிள்ஸைப் பயன்படுத்துவதால் அதிலுள்ள பெயர்களையே சொல்கிறேன். மற்ற ரெண்டரர்களிலும் பிரச்சினை இதேதான், பொத்தான்களின் பெயர்தான் வேறு.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விடயங்களைப் பார்ப்பேன். புள்ளி வருவதற்கான காரணத்தை அந்த வழி நீக்குகிறதா, வந்த புள்ளியை மறைக்க மட்டும் செய்கிறதா என்பது முதலாவது. படத்தின் வெளிச்சம் மாறுகிறதா என்பது இரண்டாவது. நேரம் மூன்றாவது, அதில் உங்கள் கைவேலையும் சேரும். ஓடும் படமானால் ஃபிரேமுக்கு ஃபிரேம் மினுக்குமா என்பது நான்காவது.

நேரத்தை ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், சாம்பிளைக் கூட்டுவது எவ்வளவு மோசமான பேரம் என்று பலருக்குத் தெரிவதில்லை. சாதாரண நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் வேண்டும். ஒரு ஃபிரேம் 6 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 25 ஃபிரேம் வீதம் 10 செக்கன் ஓட்டத்துக்கு 25 மணித்தியாலம் போகும். நாய்ஸைப் பாதியாக்கப் போனால் அது 100 மணித்தியாலம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அறைக்குள் நாலு நாள் இடைவிடாமல் ஜிபியூ ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

## புள்ளி எங்கிருந்து வருகிறது: ஒரு கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

சூரிய விளக்கின் Strength 3, Angle 0.526 பாகை. வெயிலின் உயரம் அடிவானத்திலிருந்து 20 பாகை. தரை தன்மேல் விழும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பும் சீமெந்துத் தரை. கண்ணாடியே இல்லை என்றால் தரையில் வெயில் படும் பிக்சலுக்குச் சரியான மதிப்பு சுமார் 0.16. சைக்கிள்ஸ் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடும். தரையில் ஒரு கதிர் பட்டதும் சூரியனை நோக்கி ஒரு நிழற்கதிரை அனுப்பும், இடையில் ஒன்றும் இல்லை என்றால் வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

இப்போது Glass BSDF போட்ட கதவை நடுவில் வையுங்கள். நிழற்கதிருக்கு அந்தக் கண்ணாடி ஒரு சுவர். ஆகவே நேர்வழி அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது ஒரே வழி: தரையிலிருந்து ஏதோ ஒரு திசையில் தெறிக்கும் கதிர் தற்செயலாகக் கண்ணாடியை ஊடுருவி, தற்செயலாகச் சூரியத் தட்டிலேயே போய் முட்ட வேண்டும். அந்தத் தட்டு வானத்தில் மிகச் சிறியது. இந்த 20 பாகை வெயிலுக்கு, ஏறத்தாழ 1,39,500 சாம்பிளில் ஒன்றுதான் அதில் படும். பட்ட அந்த ஒரு சாம்பிள் கொண்டுவருகிற மதிப்பு சுமார் 22,600. கண்ணாடியில் இழக்கும் சிறு பங்கை நான் கணக்கில் எடுக்கவில்லை.

256 சாம்பிள் ரெண்டரில் அதன் விளைவு என்ன? ஏறத்தாழ 545 பிக்சலுக்கு ஒன்று 88 என்ற மதிப்போடு எரியும். 0.16 இருக்க வேண்டிய இடத்தில் 88. பக்கத்துப் பிக்சல்களுக்கு வெயில் என்பதே கிடைக்காது. சரி, சாம்பிளை நாலு மடங்காக்கி 1024 ஆக்குங்கள். புள்ளியின் மதிப்பு 22 ஆகக் குறையும். ஆனால் திரையில் 22-ம் வெள்ளை, 88-ம் வெள்ளை. எண்ணிக்கையோ 136 பிக்சலுக்கு ஒன்று என்று நாலு மடங்காகும். தம்பி சொன்ன "சாம்பிளைக் கூட்டினால் புள்ளியும் கூடுது" என்பது கற்பனை இல்லை, கணக்குப்படி சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 88-ஐ 545 பிக்சல்களுக்குப் பங்கிட்டால் வருவது அதே 0.16. அதாவது தரை முழுக்கப் பரவியிருக்க வேண்டிய வெயில்தான் அந்தச் சில புள்ளிகளில் குவிந்துகிடக்கிறது. புள்ளியை அழிக்கும் எந்த வழியும் அந்த வெயிலையும் சேர்த்து அழிக்கும். கீழே வரும் ஒப்பீட்டின் திறவுகோல் இதுதான்.

## முதலில் சோதனை

உங்கள் படத்திலும் இதுதான் காரணமா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். கேமராப் பார்வையில் Ctrl+B அழுத்தித் தரையில் ஒரு சிறு பகுதியை மட்டும் `Render Region` ஆகத் தெரிவுசெய்து, இந்த வரிகளை ஓட்டிவிட்டு F12 அழுத்தி ரெண்டர் செய்யுங்கள்:

```python
import bpy
c = bpy.context.scene.cycles
c.samples = 64
c.use_adaptive_sampling = False
c.use_denoising = False
c.sample_clamp_indirect = 0
c.caustics_refractive = True
```

புள்ளிகள் தெரியும். பிறகு கடைசி வரியை மட்டும் `False` ஆக்கி மறுபடி ஓட்டுங்கள். புள்ளிகள் மறைந்தால் அவை கண்ணாடியை ஊடுருவி வந்தவை. மறையாவிட்டால் `caustics_reflective` என்பதை அணைத்துப் பாருங்கள். அப்போது மறைந்தால், பளபளக்கும் ஏதோ ஒன்றில் பட்டுத் தெறித்து வந்தவை. அறையில் பித்தளைக் குத்துவிளக்கோ குரோமியக் குழாயோ இருந்தால் அதுதான் ஆள்.

## வழி 1: கிளாம்ப்

Clamping பகுதியில் Indirect Light என்ற எண் இருக்கிறது. ஒரு சாம்பிள் கொண்டுவரக்கூடிய மதிப்புக்கு அது உச்சவரம்பு, 0 என்றால் வரம்பே இல்லை. புதுக் கோப்பில் ஏற்கெனவே 10 என்று இருக்கும்.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 22,600 என்ற சாம்பிள் 10 ஆக வெட்டப்படுகிறது. 256-ஆல் வகுத்தால் 0.04. புள்ளி கண்ணுக்கே தெரியாது, உண்மைதான். ஆனால் 545 பிக்சலில் ஒன்றுக்கு 0.04 என்றால் தரையில் வெயில் என்ற ஒன்றே இல்லை. "அறை இருட்டாக இருந்தது" என்று தம்பி தொடங்கியது இதனால்தான். வெயிலைக் கிளாம்ப் தின்றுவிட்டது. சூரியனின் Strength-ஐ எவ்வளவு கூட்டினாலும் கதவு வழியே வெயில் வராது, உச்சவரம்பு அங்கேயே நிற்கும்.

இதனால் கிளாம்ப் கெட்டது என்று சொல்லவில்லை. குத்துவிளக்கில் பட்டுச் சுவரில் தெறிக்கும் சில புள்ளிகள் போன்றவற்றில், இழக்கப்படும் வெளிச்சம் படத்துக்கு ஒரு பொருட்டில்லை. அங்கே 10-ஐ 3 வரை இறக்குவது மிக மலிவான தீர்வு. கூடுதல் நேரம் சுழியம், ஓடும் படத்திலும் மினுக்காது. இறக்கியதும் கிளாம்ப் உள்ள படத்தையும் இல்லாத படத்தையும் அருகருகே வைத்துச் சுவர் மூலைகளின் வெளிச்சத்தைப் பாருங்கள். மூலைகள் கறுத்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். Direct Light எண்ணை மட்டும் 0-இலேயே விடுங்கள். அதைத் தொட்டால் நேரே தெரியும் விளக்குகளும் வெயிலும் மங்கும்.

## வழி 2: காஸ்டிக்ஸை அணைப்பது

கண்ணாடியை ஊடுருவியோ பளபளப்பில் தெறித்தோ வந்து பரப்பில் விழும் வெளிச்சம்தான் காஸ்டிக்ஸ். Caustics பகுதியில் Refractive என்ற பெட்டியை எடுத்துவிட்டால் புள்ளிகள் ஒரே அடியில் போய்விடும். தரையிலிருந்து தெறித்த கதிருக்குக் கண்ணாடி இனிமேல் கறுப்பு அட்டை. வெயில் மட்டுமல்ல, வானத்தின் வெளிச்சமும் வெளியே மணலில் பட்டு வரும் வெளிச்சமும் உள்ளே வராது. கதவைத் திறந்து வைத்த அறைக்கு இது ஓரளவு சரிப்படும், மூடிய அறைக்குச் சரிப்படாது.

இதே இடத்திலுள்ள Filter Glossy வேறு ரகம், அதை நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். கதிர் ஒருமுறை சொரசொரப்பான பரப்பில் பட்ட பிறகு, அடுத்து வரும் பளபளப்பைக் கொஞ்சம் மங்கலாக்கி எடுத்துக்கொள்ளும். குத்துவிளக்கு கேமராவுக்கு அப்படியே பளபளப்பாகத் தெரியும், சுவரில் விழும் அதன் தெறிப்பு மட்டும் மென்மையாகும். வெளிச்சம் வெட்டப்படாமல் பரவுவதால் கிளாம்பை விட நேர்மையானது. புதுக் கோப்பில் 1 என்று இருக்கும், யாராவது 0 ஆக்கியிருந்தால் திருப்பிப் போடுங்கள்.

## வழி 3: கண்ணாடியைத் திருத்துவது

காரணத்தை நீக்கும் வழி இதுதான். நிழற்கதிருக்குக் கண்ணாடி சுவராக இருப்பதுதானே சிக்கல்? அந்தச் சுவரை எடுத்துவிடுவோம்.

கண்ணாடியின் மெட்டீரியலில் ஒரு Mix Shader போடுங்கள். முதல் உள்ளீட்டில் Glass BSDF, இரண்டாவதில் Transparent BSDF. இனி Fac-க்கு என்ன கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். Light Path நோடின் Is Shadow Ray-ஐ மட்டும் கொடுப்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் முறை. அதோடு விட்டால் பழைய தற்செயல் பாதையும் திறந்தே இருக்கும். வெயில் நிழற்கதிர் வழியாக ஒருமுறை வரும், புள்ளிகளாக இன்னொருமுறை வரும். புள்ளியும் போகாது, வெளிச்சமும் இரட்டிப்பாக எண்ணப்படும். சரி என்று காஸ்டிக்ஸையும் அணைத்தால், மேலே சொன்ன கறுப்பு அட்டைப் பிரச்சினை திரும்பிவந்து வானத்து வெளிச்சத்தில் ஒரு பங்கு குறையும்.

சரியான முறை, Is Shadow Ray, Is Diffuse Ray இரண்டையும் ஒரு Math நோடில் Maximum ஆக்கி, அதை Fac-க்குக் கொடுப்பது. தரையிலிருந்து தெறித்த கதிரும் கண்ணாடியை வெறும் காற்றாகவே கடக்கும். அப்போது சைக்கிள்ஸ் இரண்டு பாதைகளையும் ஒப்பிட்டு எடைபோட முடியும். தற்செயலாகச் சூரியனில் முட்டும் கதிருக்கு ஏறக்குறைய எடையே கிடைக்காது, ஏனென்றால் அந்த வேலையை நிழற்கதிர் ஏற்கெனவே செய்துவிட்டது. தரை 0.16-க்கு வந்து நிற்கும், அதுவும் 64 சாம்பிளிலேயே கண்ணுக்குத் தெளிவாக. கேமராவிலிருந்து நேரே போகும் கதிருக்கு மட்டும் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும், கதவில் அறையின் பிரதிபலிப்பும் தெரியும்.

மறைமுகச் செலவுகள் மூன்று உண்டு. ஒன்று, வெள்ளை Transparent முழு வெளிச்சத்தையும் விட்டுவிடும், ஆனால் உண்மையான கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஆகவே நிறத்தை 0.96 அளவில் வையுங்கள், நிறக் கண்ணாடியானால் அந்த நிறத்தையே கொடுங்கள். இரண்டு, தடிப்புள்ள ஒரு கண்ணாடிக்கு இரண்டு பரப்பு. இரட்டைக் கதவு, அதன்மேல் ஆல்பா படம் போட்ட சல்லாத் திரை என்று அடுக்கினால் Light Paths பகுதியிலுள்ள Transparent எண்ணிக்கை, வழக்கமான 8, தீர்ந்துவிடும். அறையில் விளங்காத கறுப்புத் திட்டு தெரிந்தால் முதலில் அதைக் கூட்டிப் பாருங்கள். மூன்று, மினுக்கிய தரையில் புள்ளி கொஞ்சம் மிஞ்சும். பளபளப்பான டைல்ஸ் போட்ட அறைக்கு Is Glossy Ray-யையும் அதே Maximum-இல் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் நிலைக்கண்ணாடிக்குள் தெரியும் கதவு வெறுமையாக இருக்கும். நான் பெரும்பாலும் அதைப் பொறுத்துக்கொள்வேன், விடுதிக்காரர் யாரும் அதைக் கவனித்ததில்லை.

தட்டையான கண்ணாடிக்கு இந்த வேடம் பொருந்தும், ஏனென்றால் அது வெயிலின் திசையை மாற்றுவதில்லை. கண்ணாடிக் கிண்ணம், நீச்சல்குளத் தண்ணீர் போன்றவற்றில் ஒளி வளைந்து குவிவதுதான் அழகே. அங்கே இதைச் செய்தால் படம் செத்துவிடும்.

இரவுக் காட்சியிலும் இதே நோய் வரும். ஒளிரும் சிறு இழையைச் சுற்றிக் கண்ணாடி பல்ப் மாடல் செய்திருப்பார்கள். பல்பின் கண்ணாடியிலும் அதே நோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் இழையை விட்டுவிட்டு உள்ளே ஒரு Point விளக்கை வையுங்கள்.

## வழி 4: பாத் கைடிங்

பிளெண்டர் 3.4-இல் வந்த Path Guiding, எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று ரெண்டரின் ஆரம்ப சாம்பிள்களில் கற்றுக்கொண்டு, பிறகு கதிர்களை அந்தப் பக்கம் கூடுதலாக அனுப்பும். ஒருச்சாய்த்த கதவிடுக்கு வழியே வெளிச்சம் வரும் அறைக்கு உண்மையிலேயே நல்லது. வெளிச்சத்தையும் திரிக்காது. ஆனால் அது சிபியூவில் மட்டுமே ஓடும். கிராஃபிக்ஸ் கார்டை நம்பி இருப்பவருக்கு இது ஒரு வாசலைத் திறந்து இன்னொன்றை மூடுவதுதான். சூரியத் தட்டு போன்ற சிறு இலக்கை முதலில் ஏதாவது ஒரு கதிர் கண்டுபிடித்தால்தான் கற்கவே தொடங்கும் என்பதால், நம் கதவுப் பிரச்சினைக்கு இதை நம்ப வேண்டாம்.

## வழி 5: டீநாய்சர்

OpenImageDenoise நல்ல கருவி, நான் எல்லாப் படத்துக்கும் போடுகிறேன். ஆனால் எப்போது போடுகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. 88 மதிப்புள்ள புள்ளியைக் கொடுத்தால் அது அழுக்கா, உண்மையான சிறு வெளிச்சமா என்று அது ஊகிக்க வேண்டும். சில இடத்தில் அழிக்கும், சில இடத்தில் வெள்ளைத் திட்டாகப் பரப்பும். நிலைப்படத்தில் திட்டு ஓர் அசிங்கம். ஓடும் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமிலும் திட்டு வேறு இடத்தில் வரும், தரை கொதிப்பது போல இருக்கும்.

புள்ளி இல்லாத, சீரான நாய்ஸ் மட்டும் உள்ள படத்தைக் கொடுத்தால் அதே கருவி வியக்க வைக்கும். Passes-இல் Albedo and Normal இருக்கட்டும், Prefilter-ஐ Accurate ஆக்குங்கள். பாயின் பின்னல், மணலின் குறுணி, பிரம்பு நாற்காலி போன்ற நுணுக்கமான இடங்களை 100 சதவீதத்தில் பெருக்கிப் பாருங்கள். அவை மெழுகு பூசியது போல் தெரிந்தால் சாம்பிள் போதவில்லை, அந்தப் படத்துக்கு மட்டும் சாம்பிளை இரண்டு மடங்காக்குவது நியாயமான செலவு.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தை நீக்குமா | வெளிச்சம் மாறுமா | கூடுதல் நேரம் | ஓடும் படத்தில் |
|---|---|---|---|---|
| கிளாம்ப் | இல்லை | ஆம், கதவு வெயில் அழியும் | இல்லை | மினுக்காது |
| காஸ்டிக்ஸ் அணைப்பு | பாதையையே மூடும் | மூடிய அறை இருளும் | இல்லை | மினுக்காது |
| Filter Glossy | ஓரளவு | மிகச் சிறிது | இல்லை | மினுக்காது |
| கண்ணாடித் திருத்தம் | ஆம் | தட்டையான கண்ணாடியில் சிறிது | நோடுக்குக் கொஞ்சம் கைவேலை | மினுக்காது |
| பாத் கைடிங் | ஓரளவு | மாறாது | சிபியூவுக்கு மாற வேண்டும் | நாய்ஸ் குறையும் |
| டீநாய்சர் | இல்லை | நுணுக்கம் மங்கும் | மிகக் குறைவு | புள்ளி இருந்தால் கொதிக்கும் |

## எப்போது எது

காலை வெயில், மூடிய கண்ணாடிக் கதவு, நிலைப்படமோ ஓடும் படமோ: கண்ணாடித் திருத்தம்தான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. அது முடிந்ததும் கிளாம்ப்பை 10-க்குத் திருப்பிவிடலாம். வெயில் இப்போது நிழற்கதிர் வழியே நேரடி வெளிச்சமாக வருவதால் Indirect வரம்பு அதைத் தொடாது. மிஞ்சும் குத்துவிளக்குப் புள்ளிகளை மட்டும் அது பிடிக்கும். கடைசியில் 256 சாம்பிளோடு டீநாய்சர்.

அதே அறை, பிற்பகல்: சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டது, உள்ளே வருவது வானத்து வெளிச்சம் மட்டுமே. வானம் பரந்த இலக்கு என்பதால் மின்மினி வராது, சீரான நாய்ஸ்தான் வரும். திறப்பு சிறியதாக இருந்தால் அதன் அளவுக்கு ஒரு Area விளக்கை வைத்து Portal பெட்டியைக் குறியிடுங்கள். வான வெளிச்சத்தை எந்தத் திறப்பு வழியே தேடுவது என்று அது சைக்கிள்ஸுக்குக் காட்டும். அறையின் ஒரு பக்கம் முழுவதும் திறந்திருந்தால் இதனால் பெரிய பயன் இல்லை, டீநாய்சரே போதும்.

நாளைக்கே படம் கொடுக்க வேண்டும், மெட்டீரியலில் கை வைக்க நேரமில்லை: கண்ணாடிப் பொருளையே ரெண்டரிலிருந்து மறைத்துவிடுங்கள். வெயில் முழுதாக வரும், புள்ளி வராது. கதவுச் சட்டமும் கைப்பிடியும் இருந்தால் கண் கண்ணாடியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

நீச்சல்குளம்: தண்ணீருக்கடியில் ஆடும் ஒளிக்கோடுகள் வேண்டுமென்றால் 3.2-இல் வந்த Shadow Caustics-ஐப் பாருங்கள். சூரிய விளக்கில் Shadow Caustics, தண்ணீரில் Cast Shadow Caustics, குளத்தின் அடித்தளத்தில் Receive Shadow Caustics என்று மூன்று இடத்தில் குறியிட வேண்டும். தண்ணீரின் பரப்புக்கு Shade Smooth கட்டாயம். ஊடுருவி வரும் ஒளியை மட்டுமே இது கையாளும், தண்ணீரில் பட்டு வராந்தாக் கூரையில் ஆடும் தெறிப்பைத் தராது. அந்தத் தெறிப்பும் படத்தில் வேண்டும் என்று கேட்டால், ஒளிக்கோடு வரைந்த ஒரு படத்தை Spot விளக்கின் நோடில் போட்டுக் கூரைமேல் அடித்துவிடுகிறேன். யாரும் வித்தியாசம் கேட்டதில்லை.